டாரட் சீட்டுக்கட்டைத் தூய்மைப்படுத்துவது அவசியமா, வெறும் பழக்கமா?

லயத்துப்பெண்: நான் கட்டைப் பட்டுத்துணியில் சுற்றி, வெள்ளிக்கிழமை தோறும் சாம்பிராணி காட்டி, மாதம் ஒரு முறை கல்லுப்பின் மேல் இரவு முழுவதும் வைத்து எடுக்கிறேன். அப்படியிருந்தும் மூன்று சீட்டு எடுத்தால் திடீர்ச் சரிவைக் குறிக்கும் கோபுரச் சீட்டே வந்து நிற்கிறது. கட்டு இன்னும் தூய்மையாகவில்லையா, அல்லது இதெல்லாம் மூடநம்பிக்கையா?

நிலாமதி: தங்கையே, ஒரே சீட்டு திரும்பத் திரும்ப வந்தால் பழைய கேள்விகளின் பாரம் கட்டில் தங்கியிருக்கிறது என்றே நான் கொள்வேன். 78 சீட்டுகளையும் வரிசைப்படி அடுக்கி, மறுபடி கலைத்து, பிறகு ஒரு வாரம் தினமும் புகை காட்டுங்கள். ஆறு ஆண்டுகளாக நான் சீட்டுப் பார்க்கிறேன். இதைச் செய்த பிறகு என் கை நிதானப்படுவதை ஒவ்வொரு முறையும் உணர்கிறேன்.

அச்சுக்கூடத்தான்: வரிசையாக அடுக்கிக் கலைப்பதை நானும் ஆதரிக்கிறேன், ஏனென்றால் ஒரு சீட்டு தொலைந்திருந்தாலும் அப்போது தெரிந்துவிடும். ஆனால் தினமும் புகை காட்டச் சொல்வதைத் தயவுசெய்து கேட்காதீர்கள். மலேசியாவின் ஈப்போவில் அச்சுக்கூடத்தில் பல ஆண்டுகள் தாளோடு பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன். சாம்பிராணிப் புகையில் பிசின் இருக்கிறது. அது மெழுகுப் பூச்சின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து, சீட்டுகளை இரண்டு மூன்றாக ஒட்டவைக்கும். ஒட்டிய சீட்டுகள் எவ்வளவு கலைத்தாலும் பிரியாமல் ஒன்றாகவே நகரும்.

உப்பு அதைவிடக் கேடு. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு தானாகவே நீர் விட்டுக் கசியத் தொடங்கும், நம் ஊரில் இரவு முழுவதும் அந்த அளவுக்கு மேல்தான் இருக்கும். விடிந்ததும் உப்புத் தட்டு ஈரமாக இருப்பதைப் பார்த்து, கெட்டதை உறிஞ்சிவிட்டது என்று சிலர் மகிழ்வார்கள். உண்மையில் அது காற்றின் நீர். துணியின் வழியே அடிச்சீட்டுகளுக்கும் போகிறது. தாள் ஒரு பக்கம் அதிகமாக நீர் குடித்தால் அந்தப் பக்கம் விரிந்து சீட்டு வளையும். வளைந்த சீட்டு கட்டுக்குள் மயிரிழை இடைவெளி விடும், வெட்டும்போது விரல் அந்த இடைவெளியில்தான் போய் நுழையும். சடங்கு சீட்டை வளைக்கிறது, வளைந்ததால் அது அடிக்கடி வருகிறது, அடிக்கடி வருவதால் நீங்கள் மேலும் சடங்கு செய்கிறீர்கள்.

கட்டைச் சமமாகத் தட்டி, கண் மட்டத்துக்கு உயர்த்தி, சன்னல் வெளிச்சத்தில் ஓரத்தைப் பாருங்கள். பிறகு நன்றாகக் கலைத்து 20 முறை மெதுவாக வெட்டி, தூக்கிய பகுதியின் அடிச்சீட்டு எது என்று எழுதிவையுங்கள்.

தோட்டத்துப் பேரன்: எங்கள் பாட்டி ஓலைச்சுவடிகளை மஞ்சள் துணியில் வசம்போடு கட்டி வைத்திருந்தார். அதைப் பிரிக்கும் முன் கை கழுவச் சொல்வார். எனவே சுற்றி வைப்பது மூடநம்பிக்கை என்று யாரும் சொல்ல வேண்டாம். நானும் கட்டில் வசம்பு வைத்திருக்கிறேன்.

அச்சுக்கூடத்தான்: பாட்டி செய்தது சரி, தம்பி. வசம்பு பூச்சியைத் தடுக்கும். கை கழுவியதால் எண்ணெய் படியாது. ஆனால் அது ஈரத்தைத் தடுக்காது. பட்டுத்துணியைப் பற்றி எனக்குக் குறை இல்லை. ஓரம் தேயாமல் காக்கும். அதோடு மூடி இறுகிய டப்பாவும், ஈரத்தை உறிஞ்சி நிறம் மாறும் நீல சிலிக்கா ஜெல் பொட்டலமும் வேண்டும். மணிகள் இளஞ்சிவப்பானால் சூடாக்கி உலர்த்த வேண்டும். ஈரமான கட்டை நெகிழிப் பையில் அடைத்தால் பூஞ்சணம்தான் வரும்.

நிலாமதி: ஐயா சொல்வது தாளைப் பற்றி. நான் சொல்வது சீட்டுப் பார்ப்பவரின் மனத்தைப் பற்றி. துணியை விரிக்கும் அந்த ஒரு நிமிடத்தில்தான் வீட்டுச் சத்தத்திலிருந்து என் கவனம் விலகுகிறது. அதைத் தாள் கணக்கால் அளக்க முடியாது.

அச்சுக்கூடத்தான்: அதை நான் மறுக்கவில்லை, அம்மா. பட்டுத்துணியால் கவனம் குவியட்டும், உப்பும் புகையும் மட்டும் விலகட்டும்.

லயத்துப்பெண்: சோதித்துவிட்டேன். 20 வெட்டில் கோபுரம் 6 முறை வந்தது. கண்ணாடி மேசையில் வைத்தபோது அதன் நடுப்பகுதி லேசாக எழும்பி நின்றது, மற்ற பெரும்பாலான சீட்டுகள் படிந்து கிடந்தன. உப்பு வைத்த நாள்களில் அதுதான் அடியில் இருந்ததா என்பது எனக்கு நினைவில்லை.

அச்சுக்கூடத்தான்: மொத்தக் கட்டையும் இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு இடையே வைத்து, மேலே கனமான புத்தகங்களை ஒரு வாரம் ஏற்றி வையுங்கள். பக்கத்தில் சிலிக்கா இருக்கட்டும். அவசரப்பட்டு இஸ்திரிப் பெட்டி வைத்துவிடாதீர்கள், பூச்சு உருகும்.

நிலாமதி: சீட்டு படிந்த பிறகும் கோபுரமே வந்தால்?

லயத்துப்பெண்: அப்போது மீண்டும் 20 முறை வெட்டி, எழுதி, இங்கே போடுகிறேன், அக்கா. இன்று சாம்பிராணியை நிறுத்திவிட்டேன். பட்டுத்துணியை மட்டும் துவைத்துக் காயவைத்திருக்கிறேன்.