மணப்பெண்ணின் சடைக்கு மினுமினுப்பு: எதைக்கொண்டு?

ஈரோடு ஸ்டுடியோ: கோபியில் எடுத்த முகூர்த்தப் படம். எண்ணெய் வைத்துப் பின்னிய சடை, மல்லிகைச் சரம், இடப்பக்க ஜன்னல் வெளிச்சம். முடி மட்டும் கரிக்கட்டை போலக் கிடக்கிறது. போட்டோஷாப்பில் டாட்ஜ், பர்ன் கொண்டு பளபளப்பும் அடர்த்தியும் எப்படிக் கொண்டுவருவது?

தாராபுரம் அம்மிணி: செம்பருத்தி இலையையும் சீயக்காயையும் அரைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள், தம்பி. எண்ணெயை அப்பினால் இப்படித்தான்.

பொள்ளாச்சிக்காரன்: அம்மா, கல்யாணம் முடிந்துவிட்டது! Dodge Tool எடுங்கள், Range-ஐ Highlights-இல் வையுங்கள், Exposure 40% கொடுத்து இழுங்கள். ஐந்து நிமிட வேலை.

பவானி ஆல்பம்: Highlights சரி, 40% சரியில்லை. பிரஷ் மல்லிகையில் பட்டால் இதழ் தெரியாமல் வெள்ளைத் திட்டாகிவிடும். அசல் லேயரிலேயே இழுத்திருந்தால், பிறகு திருத்தவும் வழியில்லை. புதிய லேயரை Soft Light-இல் வைத்து 50% சாம்பல் நிறத்தை நிரப்புங்கள். படம் மாறாது. அதன்மேல் வெள்ளை பூசினால் வெளுக்கும், கறுப்பு பூசினால் இருளும். பிரஷின் Hardness 0, Flow 5% போதும்.

முதலில் கறுப்பு. வகிட்டின் இரு ஓரம், காதுக்குப் பின்புறம், சடையில் புரிகள் ஒன்றுக்கொன்று அடியில் நுழையும் இடம். பள்ளம் ஆழமானால் மேடு தானாக எழும். அடர்த்தி என்று கண்ணுக்குத் தெரிவது அதுதான். பிறகு, ஒவ்வொரு புரியின் முதுகிலும் ஏற்கெனவே மங்கலாக மின்னும் இடத்தில் மட்டும் வெள்ளை. வெளிச்சம் இடப்பக்கம் என்பதால் வலப்பக்கத்தை ஏறக்குறைய விட்டுவிடுங்கள்.

பலரும் தவறுவது இங்கேதான். உச்சந்தலையில் ஒளி முடிக்குக் குறுக்கே பட்டையாக விழுகிறது. ஆனால் பிரஷ் முடி போகும் திசையிலேயே ஓட வேண்டும். குறுக்கே இழுத்தால் இழைகள் மறைந்து தலையில் புகை படிந்துவிடும். பிரஷின் அகலம் ஒரு புரியைத் தாண்டக் கூடாது. கடைசியில் இரண்டு, மூன்று பிக்சல் பிரஷால் சில தனி இழைகளைத் தொட்டால் போதும்.

ஈரோடு ஸ்டுடியோ: செய்து பார்த்தேன். சடை எழுந்துவிட்டது. பின்கழுத்துப் பக்கம் எத்தனை முறை வெள்ளை பூசினாலும் அசையவில்லை.

பவானி ஆல்பம்: அங்கே முழுக் கறுப்பு, விவரமே இல்லை. Soft Light அதைத் தூக்காது. RAW கோப்பு இருந்தால் Shadows-ஐச் சற்று ஏற்றிவிட்டு மறுபடி திறங்கள். JPEG மட்டும் என்றால் அப்படியே விடுங்கள்.

பொள்ளாச்சிக்காரன்: Dodge Tool-இல் Range-ஐ Shadows-க்கு மாற்றினால் எழும்புமே?

பவானி ஆல்பம்: எழும்பும், சாம்பல் நிறத்தில். 24 வயதுப் பெண்ணுக்கு நரைமுடி வேண்டுமா?

பொள்ளாச்சிக்காரன்: லேயர் விஷயத்தில் சரணடைகிறேன். கறுப்பை முதலில் பூசுவதை மட்டும் ஒப்ப மாட்டேன். எங்கள் ஆல்பம் அச்சில் நிழல் திரையில் தெரிவதைவிட இருண்டுதான் வரும், பள்ளமெல்லாம் அடைத்துக்கொள்ளும். நான் வெள்ளையில்தான் தொடங்குவேன்.

பவானி ஆல்பம்: அது உங்கள் மானிட்டர் வெளிச்சத்தின் கோளாறு, அண்ணா. ஒரு பக்கத்தை மட்டும் அச்சடித்துப் பார்த்துவிட்டு வந்து சண்டை போடுங்கள்.