ஸ்ட்ராடஜிக் சேல்: ‘உத்திசார் விற்பனை’ சரிதானா?

மலர்விழி:

அனைவருக்கும் வணக்கம். தமிழ்வழி பி.பி.ஏ. மாணவர்களுக்கு வணிகச் சூழல் தாளில் பொதுத்துறை, தனியார்மயம் பகுதிக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு சொற்களில் சிக்கிக்கொண்டேன்.

அரசு தன் பங்கை விற்கும் டிஸ்இன்வெஸ்ட்மென்ட்டுக்கு ‘முதலீட்டு விலக்கல்’ என்று எல்லோரும் எழுதுகிறோம். போன பருவத் தேர்வில் ஒரு பையன், “அரசு முதலீட்டை விலக்கிக்கொள்வதால் நிறுவனத்தில் பணம் குறைந்து புதிய இயந்திரம் வாங்க முடியாமல் போகும்” என்று எழுதியிருந்தான். சொல்லை நம்பி எழுதியிருக்கிறான், அவனைக் குறை சொல்ல முடியவில்லை.

அடுத்தது ஸ்ட்ராடஜிக் சேல், அதாவது பங்கோடு நிர்வாகத்தையும் வாங்குகிறவரிடம் ஒப்படைப்பது. ‘உத்திசார் விற்பனை’ என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். 2021-ல் வந்த பொதுத்துறைக் கொள்கையில் அணுசக்தி, பாதுகாப்பு, வங்கி, எரிசக்தி போன்றவை ஸ்ட்ராடஜிக் துறைகள். அவற்றில் அரசு குறைந்த அளவிலாவது இருக்கும். அதையும் ‘உத்திசார் துறை’ என்றே எழுதினேன். ஆக, உத்திசார் துறை என்றால் அரசு தங்கும் இடம், உத்திசார் விற்பனை என்றால் அரசு வெளியேறும் வழி. ஒரே அடைமொழி, நேர் எதிரான பொருள். வகுப்பில் பாதிப் பேர் குழம்பிப்போனார்கள். மாற்றுச் சொல் வேண்டும்.

இளங்கோ:

அம்மா, இதில் குழப்பமே இல்லை. டிஸ்இன்வெஸ்ட்மென்ட், ஸ்ட்ராடஜிக் சேல், பிரைவடைசேஷன் மூன்றுமே தனியார்மயம்தான். பங்கு விற்றால் தனியார்மயம். கொஞ்சம் விற்றால் கொஞ்சம் தனியார்மயம், நிறைய விற்றால் நிறைய. ஒரே சொல் போதும். வெள்ளைக்காரன் மூன்று பெயர் வைத்தான் என்பதற்காக நாமும் மூன்று தேட வேண்டியதில்லை. நெய்வேலிப் பங்கை 2013-ல் விற்றபோது தமிழ்நாடே அதைத் தனியார்மயம் என்றுதானே எதிர்த்தது?

சீனிவாசன்:

இளங்கோ எடுத்த உதாரணமே அவர் கட்சிக்கு எதிராகப் போகிறது. நான் கம்பெனி செயலராக வேலை பார்த்தவன், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2013-ல் நெய்வேலி லிக்னைட்டில் மத்திய அரசின் பங்கு 93.56 சதவீதம். பட்டியலிட்ட பொதுத்துறை நிறுவனங்களில் 10 சதவீதமாவது ‘பப்ளிக்’ கையில் இருக்க வேண்டும் என்பது பங்குச் சந்தையை மேற்பார்க்கும் செபியின் அப்போதைய விதி, அதற்கான கெடு அந்த ஆகஸ்ட். தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. மாநில அரசு, “விற்றுத்தான் ஆக வேண்டும் என்றால் எங்களிடம் விற்றுவிடுங்கள்” என்றது. கடைசியில் 3.56 சதவீதத்தை டிட்கோ, சிப்காட் உட்படத் தமிழக அரசின் ஐந்து நிறுவனங்கள் வாங்கின. சுமார் 5.97 கோடி பங்குகள், பங்குக்கு 60 ரூபாய், மொத்தம் ஏறக்குறைய 358 கோடி.

விற்றது அரசு, வாங்கியதும் அரசு. தனியார் ஒருவரும் உள்ளே வரவில்லை. ஆனால் செபியின் கணக்கில் டிட்கோவும் சிப்காட்டும் ‘பப்ளிக்’ பங்குதாரர்கள். நம் ‘பொது’ என்ற சொல்லும் அங்கே இப்படித்தான் காலை வாருகிறது, அதை இன்னொரு நாள் பேசலாம்.

மலர்விழி அம்மா, உங்கள் பையனுக்கும் இதுவே பதில். அந்த 358 கோடி டெல்லி கஜானாவுக்குப் போனது. நெய்வேலியின் பங்கு மூலதனத்தில் ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பங்குதாரர் பதிவேட்டில் பெயர் மாறியது, அவ்வளவுதான். ‘முதலீட்டு விலக்கல்’ என்ற சொல் அவனை ஆலைக்குள் பார்க்க வைத்துவிட்டது. ‘அரசுப் பங்கு விற்பனை’ என்று எழுதினால் அவன் தப்பு செய்ய மாட்டான். கலைச்சொல் மாதிரி மினுக்காது, போகட்டும்.

பழனிச்சாமி:

அய்யா, நான் பொதுத்துறை ஆலை ஒன்றில் 34 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். பெயர் வேண்டாம். என் ஆலையில் ஒரு பங்குகூட விற்கவில்லை. நான் சேர்ந்தபோது காலை ஷிப்டுக்குக் கேட்டில் நிற்கிறவர் எல்லோரும் கம்பெனி ஆள். நான் வெளியே வரும்போது பத்துக்கு ஆறு பேர் கழுத்தில் வேறு நிற அட்டை. காண்ட்ராக்ட் ஆள். அதே பாய்லர், அதே வேலை, பாதிச் சம்பளம்கூடக் கிடையாது. இதற்கு என்ன சொல் வைத்திருக்கிறீர்கள்? எனக்கு இதுதான் தனியார்மயம்.

மலர்விழி:

அய்யா, நான் கேட்டது பங்கு கைமாறுவதைப் பற்றி. ஆனால் நீங்கள் சொல்வதை மாணவர்கள் வீட்டிலேயே பார்த்திருப்பார்கள். உரிமை அரசிடம் இருக்க, வேலை மட்டும் வெளியே போவது என்று தனியாக ஒரு பத்தி எழுதுகிறேன். ‘ஒப்பந்தத்துக்கு விடுதல்’ என்றே வைத்துக்கொள்ளலாமா?

பழனிச்சாமி:

வைத்துக்கொள்ளுங்கள். அட்டையின் நிறத்தையும் எழுதுங்கள்.

சீனிவாசன்:

இப்போது ஸ்ட்ராடஜிக் சேலுக்கு வருவோம். எத்தனை சதவீதம் விற்றது என்பதை வைத்துப் பார்த்தால் இது பிடிபடாது. இரண்டு விற்பனையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

2018 ஜனவரியில் மத்திய அரசு இந்துஸ்தான் பெட்ரோலியத்தில் தன்னிடம் இருந்த 51.11 சதவீதத்தை மொத்தமாக விற்றது. 36,915 கோடி. அந்த ஆண்டின் பங்கு விற்பனை வரவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இது ஒன்றே. வாங்கியது யார்? மத்திய அரசின் இன்னொரு நிறுவனமான ஓ.என்.ஜி.சி. அதுவும் கணிசமான பகுதியைக் கடன் வாங்கித்தான் கொடுத்தது. கம்பெனிச் சட்டப்படி அரசு நிறுமத்தின் துணை நிறுமமும் அரசு நிறுமம்தான். எனவே தணிக்கையாளரை நியமிக்கிற அதிகாரம் அரசின் தலைமைத் தணிக்கையாளரான சி.ஏ.ஜி.யிடமே இருந்தது, தகவல் உரிமைச் சட்டம் இருந்தது, இட ஒதுக்கீடும் இருந்தது. முழுப் பங்கும் போனது, எதுவும் மாறவில்லை.

மாருதி இதற்கு நேர் எதிர். 1992-லேயே சுசுகிக்கு 50 சதவீதம் போய்விட்டது, அரசிடம் 50-க்குச் சற்றுக் குறைவு. 51 சதவீதம் அரசிடம் இல்லாததால் சட்டப்படி அது அப்போதே அரசு நிறுமம் இல்லை. ஆனாலும் நிர்வாகத்தில் இரண்டு பேருக்கும் கை இருந்தது. 1997-ல் நிர்வாக இயக்குநர் நியமனத்தில் பெரிய சண்டையே நடந்தது. 2002-ல் மாருதி 400 கோடிக்கு உரிமைப் பங்கு, அதாவது ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர்களுக்கு முதலில் தரும் புதிய பங்கு, வெளியிட்டது. அரசு தனக்கு வர வேண்டிய பங்கை வாங்காமல் சுசுகிக்கு விட்டுக்கொடுத்தது. சுசுகியின் பங்கு சுமார் 54 சதவீதமானது. அப்படி விட்டுக்கொடுத்ததற்கு அரசுக்குக் கிடைத்தது 1,000 கோடி.

அந்த 1,000 கோடிக்கு அரசு கையிலிருந்து ஒரு பழைய பங்குகூடப் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். 400 கோடி கம்பெனிக்குள் போனது, 1,000 கோடி அரசுக்கு வந்தது. பின்னது வெறும் ‘பிடி’க்கான விலை. நாம் தேடுகிற சொல் அந்தப் பிடிக்குத்தான்.

இளங்கோ:

சரி, நெய்வேலி விஷயத்தில் நான் அவசரப்பட்டேன். அப்படியானால் ‘கட்டுப்பாட்டு விற்பனை’ என்று வைப்போம். கண்ட்ரோல் என்றால் கட்டுப்பாடு. நேரான சொல்.

ரஹ்மத்:

இளங்கோ அண்ணே, என் அத்தாவிடம் ‘கட்டுப்பாட்டு விற்பனை’ என்றால் ரேஷன் கடையைக் கை காட்டுவார். கட்டுப்பாட்டு விலை என்று காலம் காலமாக வழங்கும் சொல் ஒன்று இருக்கிறதே.

நான் பத்திரம் எழுதுகிற குடும்பம். எங்கள் தொழிலில் இதற்கு அருமையான சொல் உண்டு: சுவாதீனம். கிரயப் பத்திரத்தில் பணம் பெற்றதை ஒரு வரியில் எழுதிவிட்டு, “சொத்தைத் தங்கள் சுவாதீனத்தில் ஒப்படைத்துவிட்டேன்” என்று தனியாக இன்னொரு வரி எழுதுவோம். விலை வேறு, சுவாதீனம் வேறு. ஒத்தியில் பாருங்கள், சொத்து அவருடையது, சுவாதீனம் இவரிடம். சீனிவாசன் சார் சொல்கிற மாருதிக் கதை அச்சு அசல் இதுதான். ‘சுவாதீன விற்பனை’ என்று வைக்கலாம்.

இளங்கோ:

வடசொல். அதோடு இன்றைய மாணவனுக்குச் சுவாதீனம் என்றால் ‘சித்த சுவாதீனம்’ மட்டும்தான் தெரியும். ‘கைமாற்று விற்பனை’ எப்படி?

ரஹ்மத்:

கைமாற்று என்றால் எங்கள் ஊரில் பக்கத்து வீட்டில் வாங்குகிற ஐந்நூறு ரூபாய்!

சீனிவாசன்:

நிறுமக் கூட்டங்களில் ‘ஆளுகை’ என்பார்கள், ஆனால் அது கவர்னன்ஸுக்குப் போய்விட்டது. நான் மேலே யோசிக்காமல் எழுதிய ‘பிடி’யே எனக்குப் பிடித்திருக்கிறது. ‘பிடிமாற்று விற்பனை.’ பேச்சிலும் “கம்பெனி அவங்க பிடியில் இருக்கு” என்கிறோம்.

ஏர் இந்தியாவுக்கும் இந்தச் சொல் பொருந்துகிறது. 2018-ல் 76 சதவீதத்தை விற்க முன்வந்தார்கள், ஒரு விண்ணப்பம்கூட வரவில்லை. கடன் சுமை பெரிய காரணம். மீதி 24 சதவீதத்தோடு அரசு உள்ளேயே உட்கார்ந்திருக்கும் என்ற தயக்கமும் சேர்ந்துகொண்டது. அடுத்த முறை 100 சதவீதமும் விற்பனைக்கு வந்தது, எவ்வளவு கடனை ஏற்பது என்பதை வாங்குகிறவரே சொல்லலாம் என்றார்கள். 2021-ல் டாடா 18,000 கோடிக்கு எடுத்தது. அதில் ரொக்கம் 2,700 கோடிதான், மீதி ஏற்றுக்கொண்ட கடன். பிடியை முழுசாக விட்டால்தான் ஆள் வந்தது.

மலர்விழி:

‘பிடிமாற்று’ எனக்கு ஒத்துவருகிறது. சாதக பாதக வாதங்களையும் இதை வைத்தே பிரித்து எழுதலாம் போலிருக்கிறது. “கஜானாவுக்குப் பணம் வரும்” என்பது எந்தப் பங்கு விற்பனைக்கும் பொருந்துகிற வாதம், பிடி மாற வேண்டியதே இல்லை. “அமைச்சகத்தின் தலையீடு போகும், முடிவுகள் வேகமாகும்” என்பது பிடி மாறினால் மட்டும். எதிர்ப்பிலும் அப்படித்தான். “அடிமாட்டு விலைக்கு விற்கிறார்கள்” என்பதை எந்த விற்பனையிலும் கேட்கலாம். “இட ஒதுக்கீடு போய்விடும், சி.ஏ.ஜி. எட்டிப் பார்க்க முடியாது” என்பது பிடி மாறும்போதுதான் வரும். நெய்வேலியில் தொழிலாளர்கள் பயந்தது இதற்குத்தானே, 3.56 சதவீதத்துக்கா?

பழனிச்சாமி:

3.56 சதவீதத்துக்கும்தான் அம்மா. இன்று 3.56, நாளைக்கு 10, அப்புறம் 49 என்றுதான் எங்களுக்குத் தெரியும். மாருதியில் 50 வந்த பிறகு நாலு சதவீதத்தில் கதை முடிந்தது என்று சார்தானே சொன்னார்?

சீனிவாசன்:

அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. 51-க்குக் கீழே போகும்வரை அரசு நிறுமம் என்பது சட்டம் போட்ட கோடு. அந்தக் கோட்டை நோக்கிப் போவதற்குத் தனிச் சொல் வேண்டுமா என்பது இவர் கேட்பதில் வருகிறது.

இளங்கோ:

‘படித் தேய்வு’?

ரஹ்மத்:

அண்ணே, அதைக் கேட்டால் மாடிப்படி ஞாபகம்தான் வருகிறது.

மலர்விழி:

இப்போதைக்குக் குறிப்பில் ‘அரசுப் பங்கு விற்பனை’, ‘பிடிமாற்று விற்பனை’, ‘ஒப்பந்தத்துக்கு விடுதல்’ மூன்றும் போகிறது. உத்திசார் துறையை ‘அரசு தங்கும் துறை’ என்று மாற்றிவிட்டேன். இந்துஸ்தான் பெட்ரோலியத்தை எந்தத் தலைப்பில் போடுவது என்று இன்னும் தெரியவில்லை. அரசாங்கம் அதை ஸ்ட்ராடஜிக் சேல் என்றுதான் கணக்கு எழுதியது, நம் சொல்படி அதில் பிடி மாறவே இல்லை. வெள்ளிக்கிழமை குறிப்பை நகலெடுக்கக் கொடுக்க வேண்டும், அதற்குள் யாருக்காவது ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.