ஈ.சி.ஜி. சரி, ஆனாலும் நெஞ்சு படபடக்கிறது: அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். நான் ஹட்டன் பக்கம், வயது 31. ஒரு மாதத்தில் மூன்று முறை இப்படி வந்துவிட்டது. கடைசியாக பஸ்ஸில் சும்மா உட்கார்ந்திருந்தபோது திடீரென்று நெஞ்சு இறுகி, இதயம் அடித்துக்கொண்டது. உதட்டைச் சுற்றியும் இரண்டு கைகளிலும் விறுவிறுப்பு, விரல்கள் மடங்கிக்கொண்டன. பத்து நிமிடம் உச்சத்தில் இருந்தது, அரை மணியில் அடங்கியது.

முதல் முறையே ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி.யும், சில மணி நேர இடைவெளியில் இருமுறை ட்ரோபோனின் இரத்தப் பரிசோதனையும் செய்தார்கள். தைராய்டும் பார்த்தார்கள். எல்லாம் சரி. இது பதற்றத் தாக்கம் என்றார் டாக்டர். பயத்தில் வேகமாக மூச்சு வாங்கும்போது இரத்தத்தில் கரியமிலவாயு குறைந்துவிடுகிறதாம், விறுவிறுப்பு அதனால்தான்.

லயத்திலிருந்து மலைக்குப் படியேறும்போது எனக்கு ஒன்றும் செய்வதில்லை. இதய வலி என்றால் பெரும்பாலும் ஏறும்போது அழுத்தி, இடது கை, தாடை என்று பரவும், ஓய்வெடுத்தால் குறையும் என்றார். மாரடைப்பு என்றால் ஓய்விலும் விடாது. ஆனால் உணர்வை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாதாம். வலி வேறு மாதிரி இருந்தாலோ, குளிர்ந்து வியர்த்தாலோ, மயக்கம் வந்தாலோ உடனே 1990 ஆம்புலன்ஸுக்கு அழைக்கச் சொன்னார். அம்மாவோ வாயு என்று பெருங்காயம் கரைத்துத் தருகிறார்!

ஹட்டன், நுவரெலியா பக்கம் தமிழில் பேசும் மனநல ஆலோசகர் எந்த கிளினிக்கில் இருக்கிறார்? பஸ்ஸில் வந்தால் நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்? மூச்சை மெதுவாக வெளியே விடப் பார்க்கிறேன், நடுவில் பயம் வந்து கணக்கு தப்பிவிடுகிறது.