சிறிய பரப்பிலுள்ள நிறத்தைத் தவறவிடாமல் பிரித்தெடுப்பது எப்படி?

வணக்கம். ஒரு வடிவமைப்பாளருக்கான நிறத்தட்டு அறிக்கைக்காக, பொருட்களின் படங்களில் வெள்ளைப் பின்னணியை நீக்கி, Lab நிறவெளிக்கு மாற்றி, `KMeans` மூலம் 5 முதன்மை நிறங்களைப் பிரித்தெடுக்கிறேன். கருநீலப் பை ஒன்றின் படத்தில், மடிப்புகளின் நிழலும் வெளிச்சம் பட்ட இடங்களும் தனித்தனி நீலங்களாகப் பிரிந்து ஐந்து இடங்களையும் நிரப்பிவிட்டதால், பரப்பில் 2 விழுக்காடுகூட இல்லாத ஆரஞ்சு ஜிப் அறிக்கையில் இடம்பெறவே இல்லை. வடிவமைப்பாளருக்கு மிகவும் தேவைப்படுவதோ அந்த ஆரஞ்சுதான்.

12 நிறங்களாகப் பிரித்துவிட்டு, நெருக்கமான நீலங்களை ஒன்றாக இணைத்தபோது ஆரஞ்சு கிடைத்துவிட்டது. ஆனால் பையின் விளிம்பில் வெள்ளையும் நீலமும் கலந்த பிக்சல்கள், பையில் இல்லாத ஒரு வெளிர்நீலத்தைக் கொண்டுவந்துவிடுகின்றன. விளிம்பில் இரண்டு பிக்சல் அகலத்தை வெட்டிவிட்டால் மெல்லிய ஜிப்பும் சேர்ந்து போய்விடுமோ என்று தயங்குகிறேன். நிழலால் நீலம் பல துண்டுகளாவதைத் தடுக்க, L மதிப்பின் எடையை மட்டும் குறைப்பது சரியான வழியா? கறுப்பு, சாம்பல் நிறப் பொருட்களில் அதனால் சிக்கல் வருமா என்பதையும், இதைச் செய்து பார்த்தவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.