பேட்டரி மானிட்டர்: ரெண்டு மீட்டர், ரெண்டு வோல்ட்டேஜ், எதை நம்புவது?

பாபு_காசிமேடு
அவசரம். போட் பேட்டரியின் வோல்ட்டேஜ் பார்க்க ஒரு சின்ன போர்டு செய்கிறேன். ரெண்டு ரெசிஸ்டர் போட்டுப் பிரித்து ஆர்டுயினோவுக்குக் கொடுக்கணும். நடுவில் 4 வோல்ட் வரணும், என் மஞ்சள் மீட்டரில் 1.6 தான் வருது. ரெசிஸ்டரை மாற்றியும் அதே கதை. பக்கத்துக் கடை அண்ணன் மீட்டரில் 3.5. எந்த மீட்டர் போச்சு? நாளைக்குள் போட்டில் மாட்டணும்.

வால்வு_ராயபுரம்
ரெசிஸ்டர் என்ன மதிப்பு? பேட்டரியில் நேராக வைத்தால் எவ்வளவு காட்டுது?

ஓம்_விதி
தம்பி, கேள்வி கேட்கவும் ஒரு முறை இருக்கு. படம் இல்லை, மதிப்பு இல்லை, "அவசரம்" மட்டும் இருக்கு. மஞ்சள் மீட்டருக்குள் இருக்கும் 9 வோல்ட் பேட்டரி தீர்ந்திருக்கும், மாற்று. 200 ரூபாய் மீட்டரை வைத்து எலக்ட்ரானிக்ஸ் செய்ய வந்தால் இப்படித்தான்.

கடற்காத்து
காசிமேடு என்றால் உப்பு. போர்டு மேல் உப்பு ஈரம் படிந்தால் அதுவே ஒரு ரெசிஸ்டர் மாதிரி வேலை செய்யும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்துப் பாருங்க.

பாபு_காசிமேடு
மேலே 4.7 மெகா, கீழே 2.2 மெகா. பேட்டரி ரெண்டு மீட்டரிலும் 12.6. போர்டு புதுசு, இன்னும் கடல் பக்கமே போகவில்லை, வீட்டில்தான் இருக்கு.

மீனா_பெரம்பூர்
சரி, இப்போ விஷயம் தெரிந்துவிட்டது. ரெண்டு மீட்டரும் நல்ல மீட்டர்தான். பேட்டரியில் ரெண்டும் 12.6 காட்டுவதே அதற்குச் சாட்சி. ஓம்_விதி சார், உள்ளே பேட்டரி தீர்ந்த மீட்டர் பெரும்பாலும் அதிகமாகக் காட்டும், குறைவாக இல்லை.

டயரில் காத்து அளக்கும்போது கொஞ்சம் காத்து கேஜுக்குள் போய்விடும் இல்லையா, அதேதான் இங்கேயும். மீட்டரும் ஒரு ரெசிஸ்டர். மஞ்சள் மீட்டர்களில் பல 1 மெகா ஓம், கடை அண்ணனுடையது 10 மெகாவாக இருக்கும். உங்கள் 2.2 மெகாவோடு அது இணையாகச் சேர்ந்துகொள்கிறது.

கணக்கு போடுவோம். மீட்டர் இல்லாமல் நடுவில் இருக்க வேண்டியது 12.6 × 2.2 ÷ 6.9, அதாவது 4.02 வோல்ட். அந்தப் புள்ளியிலிருந்து பார்த்தால் 4.7-ம் 2.2-ம் இணையாகி 1.5 மெகா. 10 மெகா மீட்டர் வைத்தால் 4.02 × 10 ÷ 11.5 = 3.49. 1 மெகா மீட்டர் வைத்தால் 4.02 × 1 ÷ 2.5 = 1.61. நீங்கள் சொன்ன ரெண்டு எண்ணும் அப்படியே வந்துவிட்டதா?

சந்தேகம் இருந்தால், கடை மீட்டரால் மேல் ரெசிஸ்டரின் வோல்ட்டேஜையும் தனியாக அளந்து கீழ் அளவோடு கூட்டிப் பாருங்க. 12.6 வராது, 11-க்குப் பக்கத்தில்தான் நிற்கும். பேட்டரியில் இருக்கும் வோல்ட்டேஜ் கூட்டலில் காணாமல் போனால், மீட்டர் சுமை ஏற்றுகிறது என்று அர்த்தம்.

வால்வு_ராயபுரம்
என்னிடம் இருப்பது முள் மீட்டர், ஒரு வோல்ட்டுக்கு 20 கே. 10 வோல்ட் ரேஞ்சில் வைத்தால் மொத்தமே 200 கே. அதை இங்கே வைத்தால் அரை வோல்ட் கூட வராது. ஆனால் ரேஞ்சை 50-க்கு மாற்றினால் மீட்டர் 1 மெகா ஆகி, காட்டும் வோல்ட்டேஜும் ஏறும். ரேஞ்சை மாற்றினால் அளவு மாறுகிறதா என்று பார்த்தே நாங்கள் வால்வு செட்டில் கண்டுபிடிப்போம். டிஜிட்டலில் ரேஞ்சை மாற்றினாலும் மீட்டரின் ஓம் பெரும்பாலும் மாறாது என்பதால் இந்த எச்சரிக்கை கிடைக்காது.

ஓம்_விதி
முள் மீட்டர் காலம் முடிந்துவிட்டது ஐயா. நல்ல கம்பெனி மீட்டர் வாங்கினால் இந்தப் பிரச்சினையே வராது.

வால்வு_ராயபுரம்
விலை கூடினால் ஓம் கூடுமா? கையடக்க மீட்டர்களில் பத்தாயிரம் ரூபாய் மீட்டரும் சாதாரண வோல்ட் ரேஞ்சில் பெரும்பாலும் அதே 10 மெகாதான். இங்கே வைத்தால் அதுவும் 3.49 காட்டும், திரையில் கூடுதல் இலக்கம் தெரியும், அவ்வளவுதான்.

வயர்மேன்_வியாசர்பாடி
எனக்கும் இதே பிரச்சினை. சுவிட்சை ஆஃப் செய்தும் லைன் வயரில் 90 வோல்ட் ஏசி காட்டுது. டெஸ்டரும் லேசாக எரியுது. ஒருத்தர் லோ-இசட் இருக்கிற மீட்டர் வாங்கச் சொன்னார், அதில் சுத்தமாக ஜீரோ. பாபு அதில் வைத்துப் பார்க்கலாமே?

மீனா_பெரம்பூர்
வேண்டாம், உங்கள் கேஸ் நேர் எதிர். பக்கத்தில் ஓடும் லைவ் வயரிலிருந்து தாவி வரும் பேய் வோல்ட்டேஜ் அது. அங்கே மீட்டர் சுமை ஏற்றுவதுதான் நமக்கு வேண்டும், ஏற்றினதும் அது விழுந்துவிடும். லோ-இசட் என்றால் மீட்டர் சில ஆயிரம் ஓம்தான். பாபுவின் 1.5 மெகா புள்ளியில் 3 கே மீட்டரை வைத்தால் 8 மில்லிவோல்ட் தான் மிஞ்சும், போர்டே செத்துவிட்டது என்று நினைத்துவிடுவார். ஆனால் லோ-இசட்டில் ஜீரோ வந்தாலும் மெயின் சுவிட்சை அணைக்காமல் வயரைத் தொடாதீங்க.

வயர்மேன்_வியாசர்பாடி
அப்போ டெஸ்டர் எரிவதும் பேயா?

ஓம்_விதி
தனி இழை திறங்க. அப்புறம் மேடம், 10 மெகாவுக்கு மேல் மீட்டரே இல்லை என்பது போலப் பேசுகிறீர்கள்.

மீனா_பெரம்பூர்
இருக்கே. எங்கள் லேபில் இருக்கும் 34401A பென்ச் மீட்டரில் 10 வோல்ட் ரேஞ்ச் வரைக்கும் 10 கிகா ஓமுக்கு மேல் வைக்கலாம். ஆனால் அதை ஆன் செய்தால் எப்போதும் 10 மெகாவில்தான் எழும், நாம்தான் மாற்றணும்:

```
INP:IMP:AUTO ON
```

இதே 4.7, 2.2 போட்டுப் பார்த்தேன். மாற்றுவதற்கு முன் 3.5, மாற்றினதும் 4.01. 100 வோல்ட் ரேஞ்சுக்குப் போனால் அது தானாகவே 10 மெகாவுக்கு இறங்கிவிடும். ஒரு தொல்லை, அந்த அமைப்பில் வயரை எங்கும் வைக்காமல் விட்டால் திரையில் எண்கள் சும்மா ஓடிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்து வோல்ட்டேஜ் வருகிறது என்று நினைக்கக் கூடாது.

பாபுவுக்கு அதெல்லாம் தேவையில்லை. கடை மீட்டர் காட்டிய அளவை 11.5 ÷ 10 ஆல் பெருக்கினாலே சரியான வோல்ட்டேஜ் வந்துவிடும். ஏன் இவ்வளவு பெரிய ரெசிஸ்டர் போட்டீங்க?

பாபு_காசிமேடு
பேட்டரி தீராமல் இருக்கத்தான். எங்கேயோ படித்தேன்.

மீனா_பெரம்பூர்
47 கே, 22 கே போடுங்க. அதே பங்குதான், ஓடுவது 0.18 மில்லி ஆம்பியர். ஒரு நாளைக்கு 4.4 மில்லி ஆம்பியர் அவர், போட் பேட்டரிக்கு அது ஒன்றுமே இல்லை. அந்தப் புள்ளி 15 கே ஆகிவிடும், மஞ்சள் மீட்டரே 3.96 காட்டும்.

இன்னொன்று, ஆர்டுயினோவின் அனலாக் பின்னும் சுமைதான். அந்த சிப்புக்கு 10 கே அளவுக்குள் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், 1.5 மெகாவில் அதுவும் கூத்து பண்ணும். 15 கே சற்றுக் கூடுதல், அதனால் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று.

கடற்காத்து
உப்பை எல்லாரும் மறந்துட்டீங்க. மெகா ஓம் போர்டைக் கடலுக்கு எடுத்துப் போயிருந்தால் நான் சொன்னதுதான் நடந்திருக்கும்.

மீனா_பெரம்பூர்
அது உண்மைதான். 22 கே-க்கு அந்த ஈரம் பெரிய விஷயமில்லை, இருந்தாலும் வார்னிஷ் அடித்துவிடுங்க.

பாபு_காசிமேடு
47, 22 போட்டாச்சு. கடை மீட்டர் 4.01, மஞ்சள் 3.95. கெப்பாசிட்டர் வாங்கணும். நன்றி.

வால்வு_ராயபுரம்
தம்பி, ரெசிஸ்டரில் மைக்ரோ ஆம்பியர் மிச்சம் பிடிக்கப் பார்த்தீங்க. ஊனோ போர்டா வைத்திருக்கீங்க? அது தூங்காமல் ஓடினால் 40 மில்லி ஆம்பியருக்குக் குறையாது, ஒரு நாளைக்கு ஒரு ஆம்பியர் அவர் போகும். அதற்கு என்ன செய்யப் போறீங்க?

வயர்மேன்_வியாசர்பாடி
தனி இழை திறந்துட்டேன், யாராவது வந்து பாருங்க.