புதுப்பிப்பு: மணப்பெண் மேக்கப் ரத்தானால் முன்பணம்

நான் கேட்டது: "முகூர்த்த நாளுக்குப் பக்கத்தில் ரத்து செய்கிறார்கள். மனஸ்தாபம் இல்லாமல் முன்பணத்தை எப்படி வைத்துக்கொள்வது?"

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஆவணி முழுக்கச் செய்து பார்த்துவிட்டேன்.

கைகொடுத்தது கும்பகோணத்து அக்கா சொன்ன வழி. 12,000 ரூபாய் வேலைக்கு 4,000 முன்பணம். 15 நாளுக்கு முன்பே சொன்னால் முழுதும் திருப்பித் தருகிறேன். அதற்குப் பிறகு அந்த முகூர்த்தத்துக்கு வேறு ஆள் கிடைப்பதில்லை, அதனால் பணம் திரும்பாது. ஆனால் ஆறு மாதத்துக்குள் ஒருமுறை தேதி மாற்றலாம். பணம் வாங்கும் முன்பே இதை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சரி" என்று பதில் வந்த பிறகுதான் தேதி எழுதுகிறேன்.

முழுத்தொகையும் முன்னாடியே வாங்கச் சொன்ன அண்ணன் யோசனை ரிசப்ஷனுக்கு ஒத்துவந்தது. கல்யாண வீடுகளில் இரண்டு பேர் விலகிவிட்டார்கள். பார்லர் வாடகை பற்றிக் கேட்ட தங்கைக்கு: நான் வீட்டுக்கே போய்ச் செய்பவள், அதில் அனுபவம் இல்லை.

எதிர்பாராதது மன்னார்குடியில் நடந்தது. நான்கு நாள் இருக்கும்போது பெண்ணின் தாத்தா தவறிவிட்டார். "பணம் அப்படியே இருக்கும், தேதி குறித்ததும் சொல்லுங்கம்மா" என்று மட்டும் சொன்னேன். இப்போது தை முகூர்த்தத்துக்குப் பெண்ணோடு தங்கைக்கும் சேர்த்துக் கேட்டிருக்கிறார்கள். துக்க வீட்டுக்கு ஆறு மாதக் கெடுவும் வேண்டாம் என்று விதியிலேயே சேர்த்துவிட்டேன்.

சித்தி, அத்தை என்று ஐந்து பேருக்கு மேக்கப் சொல்லிவிட்டு இரண்டு பேர் மட்டும் வந்து உட்காருவதற்கு இன்னும் வழி தெரியவில்லை.