படம் ஓடுது, வரிசை மட்டும் காலி: பை-ஹோல் வைத்த வீடுகளின் டிவி அனுபவங்கள்

காட்பாடி ஜங்ஷன்:
வீட்டு நெட்வொர்க்கில் விளம்பர, கண்காணிப்பு முகவரிகளைத் தடுக்கும் பை-ஹோல் இருக்கு. ஆண்ட்ராய்டு டிவியில் ஒரு ஸ்ட்ரீமிங் ஆப் திறந்தா மேலே உள்ள பெரிய பேனர் வருது, அதுக்குக் கீழே மூணாவது, நாலாவது வரிசை வெறும் சாம்பல் கட்டமா நிக்குது. தேடிப் போட்டா படம் தெளிவா ஓடுது. அதே ஆப் போன்ல மொபைல் டேட்டாவில் சரியா வருது. இப்படிப் பார்த்தவங்க இருக்கீங்களா?

ஆற்காடு மக்கன்பேடா:
நெட் வேகம் பத்தலைங்க. வெயில் நேரத்துல நம்ம பக்கம் லைன் இறங்கிடும். 100 எம்பி பிளானுக்கு மாறுங்க.

பாலாறு:
வேகம் பத்தலைன்னா முதல்ல திணறுவது படம்தான். இங்கே படம் ஓடுது. படம் வரும் சர்வர் வேறு, "இந்த வரிசையில் என்ன காட்டணும்" என்று சொல்லும் சர்வர் வேறு. இரண்டாவதின் பெயர் தடைப் பட்டியலில் மாட்டியிருக்கும். பார்வையாளரைக் கண்காணிக்கும் வேலையையும் வரிசையை நிரப்பும் வேலையையும் சில ஆப்கள் ஒரே முகவரியில் நடத்தும். பட்டியல் தொகுப்பவர் கண்ணுக்கு முதல் வேலை மட்டும் தெரியும். ஆப் கட்டத்தை வரைஞ்சு வெச்சிட்டு, வராத பதிலுக்குக் காத்திருக்கு.

முதல்ல வடிகட்டிதான் காரணமா என்று உறுதி பண்ணுங்க:

```
pihole disable 5m
```

அஞ்சு நிமிஷம் தடை நிற்கும், பிறகு தானாகத் திரும்பும். அதுக்குள்ள டிவி அமைப்பில் போய் ஆப்பை முழுசா நிறுத்தித் திறக்கணும். ஹோம் பட்டன் அழுத்திட்டு திரும்ப வந்தால் போதாது, பழைய காலித் திரையே நினைவில் இருக்கும். இப்பவும் காலி என்றால் வடிகட்டி மேல் பழி இல்லை.

முள்ளுக்கத்திரி:
இவ்வளவு எதுக்கு? டிவியில் இரண்டாவது டி.என்.எஸ். கட்டத்தில் கூகுளோட 8.8.8.8 போடுங்க. பை-ஹோல் தடுத்தா அது கொடுக்கும்.

பாலாறு:
வரிசை வரும், ஆனா சொன்ன காரணம் சரியில்லை. பை-ஹோல் தடுக்கும்போது பதில் தராமல் இருப்பதில்லை, 0.0.0.0 என்று ஒரு பதிலைத் தருது. டிவிக்குக் கிடைச்சது பதில்தானே, அதனால அந்தக் கேள்விக்கு அடுத்த ஆளைத் தேடாது. ஆனா இரண்டில் எதைக் கேட்பது என்பது டிவியின் இஷ்டம். 8.8.8.8-ஐக் கேட்ட நேரம் வரிசை வரும், விளம்பரமும் வரும்; மற்ற நேரம் காலி. "ஒருநாள் வருது, ஒருநாள் வரல" என்ற புகாரில் முதல்ல பார்க்க வேண்டிய இடம் அதுதான். ரூட்டர் ஐபிவி6 வழியா கம்பெனி டி.என்.எஸ். முகவரியையும் பரப்பிட்டிருந்தா இதே கூத்து.

காட்பாடி ஜங்ஷன்:
நிறுத்திப் பார்த்தேன், வரிசை ரெண்டும் வந்திடுச்சு. பட்டியலை மொத்தமா எடுத்துடவா சார்?

பாலாறு:
வேணாம், ஒரு பெயர்தான் தேவைப்படும். ரூட்டரில் டிவிக்கு நிலையான ஐபி கொடுங்க, 192.168.1.40 என்று வெச்சுக்குவோம். தடையைத் திரும்ப ஓடவிட்டு, பை-ஹோலோட Query Log-ல் அந்த ஐபி கேட்டது மட்டும் தெரியும்படி வைங்க. ஆப்பைத் திறந்து அரை நிமிஷம் சும்மா விடுங்க. வழக்கமான கண்காணிப்புப் பெயர்கள் அப்பவே வந்து அடிபட்டுப் போகும். பிறகு கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டு காலி வரிசைக்கு இறங்குங்க. அந்த நொடியில் ஒரே பெயர் நாலைந்து தடவை தொடர்ந்து தடுக்கப்பட்டிருந்தா, ஆப் விடாமல் கதவைத் தட்டுதுன்னு அர்த்தம். அதை மட்டும் அனுமதியுங்க:

```
pihole allow அந்தப்_பெயர்
```

பழைய 5-ஆம் பதிப்பில் `pihole -w`. பலன் இல்லைன்னா அதை நீக்கிட்டு அடுத்ததுக்குப் போங்க. நீக்காம சேர்த்துக்கிட்டே போனா ஓட்டைதான் மிஞ்சும்.

பதிவில் CNAME என்று குறிச்சிருந்தா, டிவி கேட்ட பெயர் பட்டியலில் இல்லை, அது கைகாட்டும் வேறொரு பெயர் இருக்குன்னு அர்த்தம். அப்பவும் டிவி கேட்ட பெயரைத்தான் அனுமதிக்கணும்.

கோட்டை அகழி:
எங்க வீட்டுல வரிசையெல்லாம் வருது, ஆனா யூடியூப்பில் பார்த்த வீடியோ ஹிஸ்டரியில் ஏறவே மாட்டேங்குது. இதுவும் அதுதானா?

பாலாறு:
அதேதான், பலபேர் மாட்டும் இடம். `s.youtube.com` தடைபட்டிருக்கான்னு பாருங்க. பார்த்த கணக்கை எடுத்துட்டுப் போறது அந்தப் பெயர்தான். திறந்துவிட்டா ஹிஸ்டரி ஏறும், கூகுளுக்குக் கணக்கும் போகும். ஒண்ணை விட்டு ஒண்ணு கிடையாது.

காட்பாடி ஜங்ஷன்:
ஆறு தடவை தட்டின ஒரு பெயர் சிக்கிச்சு, நடுவுல config என்று இருந்தது. அனுமதிச்சதும் மூணாவது வரிசை நிறைஞ்சிடுச்சு. நாலாவது இன்னும் காலி. பதிவில் அந்த நேரத்துக்குத் தடையே எதுவும் காட்டல.

பாலாறு:
தடையை நிறுத்தினப்போ அதுவும் வந்துச்சே. ஆப்பை முழுசா நிறுத்தித் திறந்தீங்களா? அப்படியும் காலின்னா, அந்த வரிசை மூணாவதோட சேர்ந்தே முன்னாடியே கேட்கப்படுதோ என்னமோ. திறந்த முதல் அரை நிமிஷத்துப் பெயர்களை ஒவ்வொண்ணா விட்டுப் பாருங்க.

முள்ளுக்கத்திரி:
அதுக்கு 8.8.8.8-ஏ தேவலாம்.